பதத்தில் சொல்லாமல் விடுவது

பதம் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கவிஞர்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நல்ல கவிதைக்கு உரிய அடர்த்தி நல்ல பதத்துக்கு ஆகாது. சௌக்க காலத்தில், பெரும்பாலும் மிச்ர சாபுவிலோ திரிபுடையிலோ, ஒரே பல்லவி வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு பொருள் காட்ட வேண்டும். முதல் முறையிலேயே எல்லாம் சொல்லி முடித்துவிட்ட வரியில் அவருக்கு என்ன வேலை இருக்கும்?

17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் இதற்கு ஒரு வழி வகுத்தார். அவருடைய பதங்களில் பெரும்பகுதி யாரோ ஒருத்தி யாரிடமோ பேசும் பேச்சு. வர்ணனை குறைவு, கேள்வி, குத்தல், சாக்கு, கெஞ்சல் ஆகியவையே அதிகம். தமிழில் கனம் கிருஷ்ணய்யர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமய்யர் ஆகியோரின் பதங்களிலும் இந்தப் பேச்சு வழக்கு உண்டு. அவர்களுக்கு முந்தைய முத்துத்தாண்டவரிடம் தில்லை நடராசரே நாயகர். காதலும் பக்தியும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்திருக்கும்.

ஆடும் தரப்பிலும் இரண்டு போக்குகள் உண்டு. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றவர்களில் பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் அடக்கம். பாலசரசுவதி சிருங்காரத்தைச் சிருங்காரமாகவே வைத்துக்கொண்டார்; ருக்மிணி தேவி பக்தியின் பக்கம் சாய்ந்தார். இரண்டாவது போக்கை மேலோட்டமாகப் பின்பற்றிய பாட்டாசிரியர்கள் வரிக்கு ஒரு தெய்வப் பெயரும் அடைமொழியும் சேர்க்கத் தொடங்கினர். மயில், வேல், பிறை என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் கைமுத்திரை பிடித்தாக வேண்டும். கை ஓயாது, முகத்துக்கு வேலையிராது. இது பக்தியின் குற்றமல்ல, பெயர்ச்சொற்கள் நெரிசலாகிவிட்டதன் விளைவு.

ஓர் உதாரணத்தை நானே கட்டிப் பார்க்கிறேன். தலைவனிடம் தூது போன சகி திரும்பி வந்திருக்கிறாள். முதல் வரைவு இப்படி அமைகிறது:

நெஞ்சம் பதைக்குதடி, நீர்வழியும் கண்ணோடு
வஞ்சனை செய்தாயென வாடுகிறேன் தோழி

எதுகை சரி, மோனையும் சரி. ஆனால் பதைப்பு, கண்ணீர், வஞ்சனை, வாட்டம் எல்லாவற்றையும் பாட்டே சொல்லிவிட்டது. முகம் அதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. போதாக்குறைக்கு, சகி மேல் வரும் சந்தேகம் பல்லவியிலேயே அம்பலமாகிவிட்டதால் பிறகு வளர்வதற்கு ஒன்றுமில்லை. மாற்றி எழுதினால்:

பல்லவி
வேறென்ன சொன்னார் தோழி – அவர்
வேறென்ன சொன்னார்

அனுபல்லவி
மாறாமல் சொல்லடி – நீ
மாலையில் சூடிய மல்லிகை எங்கே

இங்கே ‘வேறு’ என்ற சொல்லால், சகி ஏற்கெனவே ஏதோ சொல்லிவிட்டாள் என்றும் அது தலைவிக்குப் போதவில்லை என்றும் தெரிகிறது. முதல் முறை பாடும்போது ஆவல் காட்டலாம்: வருகிறாரா, எப்போது வருகிறார்? அடுத்து வெட்கம்: என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? பிறகு அவர் பேசிய விதத்தைச் சகியைப் போலவே நடித்துப் பார்க்கலாம். அதன்பின் பார்வை சகியின் கூந்தலில் போய் நிற்கும். வரி அதேதான், கேள்வி மட்டும் விசாரணையாகிவிடும். அனுபல்லவியில் மல்லிகை வரும்போது ரசிகர் அதை முன்பே ஊகித்திருப்பார். தன் தலைவனோடு கூடிய பிற பெண்ணைக் கண்டு வருந்தும் நாயகியைப் பானுதத்தர் ‘ரசமஞ்சரி’யில் தனி வகையாகவே சொல்கிறார். அந்த வகைக்குரிய உணர்ச்சிகளின் பெயர் ஒன்றுகூடப் பாட்டில் இல்லை.

இடம் விடுவது என்றால் வெறுமையாக விடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ‘வாராயோ, பாராயோ’ என்று மட்டும் எழுதினால் ஆடுகிறவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. யார், யாரிடம், எதற்குப் பிறகு பேசுகிறார் என்ற மூன்றும் பல்லவியிலிருந்தே பிடிபட வேண்டும். கூடவே, கண் போய் நிற்க ஒரு பொருள் வேண்டும், ஒன்று போதும். மேலே அந்த வேலையை மல்லிகை செய்கிறது. வளையலையும் கலைந்த பொட்டையும் சேர்த்திருந்தால் குற்றப்பத்திரிகை ஆகியிருக்கும்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். பார்வை தங்க வேண்டிய இடத்தில் நெடில் இருந்தால் பாடுகிறவர் இழுத்து நிற்கலாம். ‘சொன்னார்’ என்பதில் ‘னா’ அப்படிப்பட்ட இடம். அங்கே ‘க்க’, ‘ட்ட’ போன்ற வல்லின இரட்டிப்பு வந்தால் நாதம் அறுந்துபோகும்; முகபாவமும் பாதியில் நிற்கும்.

எழுதியதைச் சோதிக்க ஆடுகிறவரிடமே கொடுத்துவிடலாம். பல்லவியை மட்டும் பாடி, ஐந்து முறை வேறுவேறாகச் செய்யச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறையே முதல் முறையைப் போல வந்தால் வரி மூடிக்கிடக்கிறது என்று கொள்ளலாம். எப்படிச் செய்தாலும் பொருந்துகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால் வரி மிகவும் தளர்ந்திருக்கிறது.

கடைசியில் முத்திரை. க்ஷேத்ரய்யா ‘முவ்வகோபால’ என்பதைத் தலைவனின் பெயராகவே பேச்சில் கலந்துவிட்டதால் காட்சி கலையவில்லை. இன்று பலர் சரண முடிவில் தம் பெயரைத் தனியே நிறுத்துகிறார்கள். ஆடுகிறவர் அந்த இடத்தில் கைகூப்பிவிட்டு மறுபடி கோபத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தலைவனை விளிக்கும் பெயராகப் பொருந்தாத முத்திரையை விட்டுவிடலாம். பாட்டு யாருடையது என்பதை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டால் போயிற்று.