சுற்றைக் கூட்டினால் கசிவு நிற்குமா?

ஷவர் ஆர்ம் சுவருக்குள் போய்ச் சேரும் மூட்டில் ஷவர் திறந்திருக்கும்போது மட்டுமே தண்ணீர் ஓடுகிறது. அதனால் அங்குள்ள கசிவு எளிதில் கண்ணில் படாது. சுவரின் மறுபக்கம் ஓதம் ஏறி பெயிண்ட் உப்பிய பிறகே தெரியும். ஷவர் போட்ட நாளில் மட்டும் ஈரம் கூடினால் இந்த மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழற்றிவிட்டு, டெஃப்லான் டேப்பை இன்னும் பத்து சுற்று சுற்றி இறுக்குவதே வழக்கமான வைத்தியம். டேப்பை ஒரு பசைபோல நினைப்பதால் வரும் தவறு இது.

டேப் எதையும் ஒட்டுவதில்லை. மரைகளுக்கு இடையே நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. வழுக்கும் தன்மையால் மரை ஆழமாக இறங்கவும் உதவுகிறது. அதன் பலம் இதுதான், ஆபத்தும் இதுதான். டேப் சுற்றிய மரை வழுக்கி இறங்குவதால், உள்ளே இருக்கும் சிபிவிசி எல்போ விரிசல் விடும் அளவுக்கு இறுக்கிவிட்டோம் என்பது தெரியாமலே போகிறது. சுற்றும் திசையும் முக்கியம். மரை முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்து எல்போவின் வாயில் வெள்ளைச் சுருளாகத் திரண்டு நிற்கும். முனையில் ஒரு மரையை வெறுமையாக விடாவிட்டால் துணுக்குகள் ஷவரின் துளைகளில் போய் அடைக்கும்.

ஆனால் பல கசிவுகளுக்குக் காரணம் வேறு. ஆர்ம் கடைசியில் கீழ்நோக்கி நிற்க வேண்டும். அரை அங்குல மரையில் நான்கைந்து சுற்று டேப் போட்டு, கையால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் ஏறக்குறைய ஒரு சுற்று இறுக்கியதும் அது பக்கவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலும் இறுக்கப் பயந்து கால் சுற்று பின்னால் திருப்புகிறார்கள். நசுங்கிய டேப் மீண்டும் உப்பி வராது. கசிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆர்ம் பக்கவாட்டில் நின்றால் முழுவதும் கழற்றி, பழைய டேப்பை மரையிலிருந்து சுத்தமாக எடுத்துவிட்டு, ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி போடுவதுதான் சரி. கூட்டினால் முன்பே இறுகும். குறைத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

பத்து சுற்று போட்டும் ஒழுகாத மூட்டுகள் உண்டே என்பார்கள். உண்டு, மரை தளர்வாக இருக்கும் பித்தளை எல்போவில் கூடுதல் சுற்று தேவைப்படும். அதனால் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், டேப் இல்லாமல் ஒருமுறை திருகி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய சணல் நூல் நனைந்து உப்புவதால் சற்றுப் பின்னால் திருப்பினாலும் தாங்கும் என்பதும் உண்மை. இந்த ஒரு விஷயத்தில் டேப் அதற்குக் குறைவுதான். ஆனால் சணலோடு பூசும் எண்ணெய்க் கலவை சிபிவிசிக்கு ஆகாது. எனவே பிளம்பர் ஆர்மைப் பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். பின்னால் திருப்பினால், கழற்றி மறுபடி டேப் சுற்றச் சொல்லுங்கள்.