பார்க்காத ஆண்டுகளில் ஒரு பரீட்சை

பேக்டெஸ்ட் செய்கிற யாரைக் கண்டாலும் நான் முதலில் கேட்பது, “வாக் ஃபார்வர்டு ஓட்டிப் பார்த்தீர்களா?” என்றுதான். வர்த்தக உத்திகளைச் சோதிக்க எத்தனையோ வழிகள் உண்டு. இதைப்போல என்னைக் கட்டிப்போட்டது வேறில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வோர் ஆண்டாக முடிவு வரிசைகள் திரையில் விழுவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

அமெரிக்கரான ராபர்ட் பார்டோ 1992-ல் எழுதிய புத்தகம்தான் இந்த முறையை வர்த்தகர்களிடம் பரவலாகக் கொண்டுபோனது. 2008-ல் அதை விரித்து எழுதி மறுபடி வெளியிட்டார். அடிப்படை எண்ணம் எளிமையானது. இண்டிகேட்டர் செட்டிங்கைப் பழைய ஆண்டுகளில் தேடுங்கள். கிடைத்ததை, தேடும்போது கண்ணில் படாத அடுத்த ஆண்டில் ஓட்டுங்கள். பிறகு ஓர் ஆண்டு முன்னே நகர்ந்து மறுபடி தேடுங்கள். பாடம் படிக்கும் காலம் ஒன்று, பரீட்சை எழுதும் காலம் வேறொன்று. கடைசியில் பரீட்சை ஆண்டுகளை மட்டும் வரிசையாக ஒட்டி வரும் ஈக்விட்டி கர்வ்தான் மதிப்பெண் பட்டியல்.

நிஃப்டி 50-ஐ வைத்தே சொல்கிறேன். உத்தி, எல்லோருக்கும் தெரிந்த மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவர். குறுகிய சராசரி நீண்ட சராசரிக்கு மேலே ஏறினால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிட்டு ரொக்கத்தில் இரு. குறுகியதற்கு 5 நாள் முதல் 50 நாள் வரை ஐந்தைந்தாக 10 எண்கள். நீண்டதற்கு 60 முதல் 240 வரை இருபது இருபதாக 10 எண்கள். ஆக 100 ஜோடிகள். 2008 முதல் 2011 வரை நான்கு ஆண்டுகளில் இந்த நூறையும் ஓட்டி, தேறிய ஒரு ஜோடியை 2012-ல் பரீட்சைக்கு அனுப்புகிறேன். அடுத்து 2009 முதல் 2012 வரை தேடல், 2013-ல் பரீட்சை. இப்படியே 2023 வரை போனால் 12 பரீட்சைகள், 1,200 தேடல் ஓட்டங்கள். சாதாரண மடிக்கணினிக்கே இது பெரிய வேலை இல்லை. நடுவில் இருக்கும் சுழற்சி இவ்வளவுதான்:

```python
for y in range(2012, 2024):
    best = max(grid, key=lambda p: score(px, p, y-4, y-1))
    oos[y] = run(px, best, y, y)
```

இந்த மூன்று வரிகளுக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. 2012 ஜனவரி முதல் நாளில் 240 நாள் சராசரி வேண்டுமென்றால் 2011-ன் விலைகள் தேவை. அதை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. அன்றைக்கு வர்த்தகம் செய்கிறவர் கையிலும் அந்த விலைகள் இருந்தன. லாப நஷ்டக் கணக்கு மட்டும் 2012-ல் தொடங்க வேண்டும். அதனால்தான் `px` முழு விலைத் தொடரையும் சுமந்துபோகிறது, ஆண்டு எண்கள் கணக்கின் எல்லையை மட்டும் சொல்கின்றன. முதல் தேடல் ஆண்டான 2008-க்கும் இதே தேவை இருப்பதால் 2007-ன் விலைகளும் கோப்பில் இருக்க வேண்டும். இன்னொன்று, மாலை முடிவு விலையில் வந்த சிக்னலுக்கு மறுநாள் தொடக்க விலையில்தான் வாங்க வேண்டும். புரோக்கரேஜ், வரி, ஸ்லிப்பேஜ் எல்லாவற்றையும் தேடும்போதே கழித்துவிட வேண்டும். கழிக்காமல் தேடினால், அடிக்கடி வாங்கி விற்கும் குட்டிச் சராசரிகள் தகுதியில்லாமல் முன்னால் வந்து நிற்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, 2008 முதல் 2023 வரை மொத்தமாகப் போட்டு ஆகச் சிறந்த ஜோடியை எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் ஆசையோடு சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. லாபம் தரும் சூட்சுமம் துளியும் இல்லாத, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூறு உத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுத் தரவில் அவற்றின் ஷார்ப் விகிதங்கள் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஏறத்தாழ 0.5 அளவுக்குச் சிதறும். அந்த நூறில் முதலிடம் பிடிப்பது, சராசரியாக அந்தச் சிதறலைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில், அதாவது 1.25 பக்கத்தில் நிற்கும். 1.25 ஷார்ப் என்றால் பலர் மறுநாளே பணத்தைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பதோ வெறும் குருட்டு அதிர்ஷ்டம். நமது நூறு ஜோடிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு உள்ளவை என்பதால் இந்த வீக்கம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் இருக்கும். தேடுவது என்ற செயலே முடிவைக் கொஞ்சம் ஊதிவிடுகிறது. கர்வ் ஃபிட்டிங் என்று சொல்வதன் வேர் இதுதான்.

இதை நேரில் பார்க்க ஓர் அற்புதமான வழி இருக்கிறது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். நிஃப்டியின் தினசரி ஏற்ற இறக்கச் சதவீதங்களை எடுத்து, அவற்றின் சராசரி ஏற்றத்தைக் கழித்துவிட்டு, வரிசையைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துவிடுங்கள். கலைத்த வரிசையிலிருந்து ஒரு போலி விலைத் தொடரைக் கட்டுங்கள். அதில் பின்தொடர எந்தப் போக்கும் மிச்சமில்லை. இப்போது அதே 100 ஜோடிகளை ஓட்டினால், தேடல் ஆண்டுகளில் வெற்றி பெற்ற ஜோடி பெரும்பாலும் அழகான லாபத்தைக் காட்டும். பரீட்சை ஆண்டுகளை ஒட்டிப் பாருங்கள். ஒருமுறை கலைத்ததில் தற்செயலாக ஏதாவது தெரியலாம். பலமுறை கலைத்துச் சராசரி எடுத்தால் லாபம் கரைந்து பூஜ்ஜியத்துக்கு வந்து, செலவுகளின் அளவுக்குக் கீழேயும் இறங்கிவிடும். இந்தச் சோதனை பொய்யைப் பொய் என்றே சொல்லிவிடுகிறது! அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் உண்மைத் தரவில் அது தரும் பதிலை என்னால் முழுமனதாக நம்ப முடிந்தது.

உண்மைத் தரவில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கிற இடம் 2020. அந்த ஆண்டுக்கான எண்கள் 2016 முதல் 2019 வரையிலான விலைகளிலிருந்து வருகின்றன. பணமதிப்பு நீக்கத்தின் அதிர்ச்சி அதற்குள் உண்டு. 2020 மார்ச்சைப் போன்ற ஒன்று கிடையாது. ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. ஆண்டு முடிவில் 14,000-ஐ நெருங்கிவிட்டது. மந்தமான சராசரிகள் வீழ்ச்சியில் பெரும்பகுதியைத் தாங்கிவிட்டு வெளியேறும். மீட்சியில் பெரும்பகுதி முடிந்தபிறகுதான் உள்ளே வரும். வேகமான சராசரிகள் சீக்கிரம் தப்பிக்கும். அமைதியான ஆண்டுகளிலோ பொய்ச் சிக்னல்களுக்குக் காசைக் கொட்டும். 2008 முதல் 2023 வரை மொத்தமாகத் தேடுகிறவருக்கு இந்த மார்ச் மாதமும் சேர்ந்தே எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சலுகை 2020 ஜனவரியில் யாருக்கும் இல்லை. வாக் ஃபார்வர்டு நம்மை அந்த ஜனவரியில், ஒன்றும் தெரியாத நிலையில், கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த நேர்மைக்காகவே இதை நான் கொண்டாடுகிறேன்.

மதிப்பெண் போடுவதற்குப் பார்டோ ஓர் அளவுகோல் தந்திருக்கிறார்: வாக் ஃபார்வர்டு எஃபிஷியன்சி. பரீட்சைக் காலத்தின் ஆண்டு வருமானத்தைத் தேடல் காலத்தின் ஆண்டு வருமானத்தால் வகுப்பது. தேடலில் ஆண்டுக்கு 16 சதவீதம், பரீட்சையில் 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 56 சதவீதம். 50-க்கு மேல் நின்றால் உத்தியில் சரக்கு இருக்கக்கூடும் என்பது அவர் காட்டும் எல்லை. நான் அந்த ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை. 12 ஆண்டு லாபமும் ஒரே ஆண்டிலிருந்து வந்திருந்தால் 56 என்பதற்குப் பொருள் குறைவு. பரீட்சை ஆண்டுகளில் சந்தையே ஏறிக்கொண்டிருந்தால் அந்த எண் 100-ஐக்கூடத் தாண்டும். ஆகவே அதே ஆண்டுகளில் நிஃப்டியைச் சும்மா வாங்கி வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும், இடையில் எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கும் என்பதைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, 12 முறை தேர்வான ஜோடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது. 20/100, 25/100, 20/120 என்று ஒரே வட்டாரத்தில் மெதுவாக நகர்ந்தால் மனம் குளிர்ந்துவிடும். 5/60, அடுத்த ஆண்டு 45/240, அதற்கடுத்து 10/80 என்று தாவினால், தேடல் ஒவ்வோர் ஆண்டும் இரைச்சலைத்தான் பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். குறிப்பாக 2008-ன் பெருவீழ்ச்சி தேடல் காலத்தைவிட்டு வெளியேறும் இடத்தில், அதாவது 2013-க்கான தேர்வில், என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆண்டு விலகியதும் எண்கள் தலைகீழானால் அந்த ஒரே ஆண்டுதான் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கிறது.

தாவலைக் குறைக்க ஒரு வழி உண்டு, அதையும் விரும்பிச் செய்கிறேன். தனித்து உயர்ந்து நிற்கும் ஜோடியை எடுக்காமல், தன்னையும் சுற்றியுள்ள எட்டு அண்டை ஜோடிகளையும் சேர்த்த சராசரியில் எது முந்துகிறதோ அதை எடுப்பது. 20/100 மட்டும் 18 சதவீதம் காட்டி, 15/100-ம் 25/100-ம் 4, 5 என்று கிடந்தால் அது எதேச்சையான சிகரம். 30/140 வெறும் 13 சதவீதம்தான், ஆனால் சுற்றிலும் 12, 12.5, 13 என்று இருந்தால் அந்தச் சமவெளியில் நிற்கலாம். நாளைய சந்தை கொஞ்சம் இடம் மாறினாலும் சமவெளியில் காலடி தப்பாது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது மிகக் கூர்மையானது. பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு உத்தியில் கைவைத்தால், அந்த ஆண்டுகள் இனிமேல் பார்க்காத ஆண்டுகள் ஆகா. நான்கு ஆண்டுத் தேடலுக்குப் பதில் மூன்று, மூன்றுக்குப் பதில் ஐந்து, ஓராண்டுப் பரீட்சைக்குப் பதில் ஆறு மாதம் என்று மாற்றி மாற்றி ஓட்டி, அழகாக வந்ததை எடுத்துக்கொள்வதும் கர்வ் ஃபிட்டிங்தான். வளைவதற்கு இன்னும் இரண்டு திருகாணிகள் கூடியிருக்கின்றன, அவ்வளவே. ஆகவே காலஅளவுகளை முதல் ஓட்டத்துக்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுகிறேன். 2024 முதலான விலைகளைத் தனிக் கோப்பில் வைத்து, எல்லா முடிவும் எடுத்தபின் ஒரே ஒருமுறை திறக்கிறேன். வேறு காலஅளவுகளையும் ஓட்டிப் பார்க்கலாம். அவற்றில் சிறந்ததைப் பொறுக்குவதற்காக அல்லாமல், எல்லாமே ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதற்காக.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். ஆமிபுரோக்கரில் வாக் ஃபார்வர்டு உள்ளேயே இருக்கிறது. தேடல், பரீட்சைக் காலங்களைக் கொடுத்தால் அதுவே நகர்ந்து நகர்ந்து ஓட்டித் தரும். மெட்டாடிரேடர் 5-ன் சோதனைக் கருவியில் `Forward` என்ற தேர்வு உண்டு. அது தரவின் கடைசிப் பாதியையோ மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ பரீட்சைக்கு ஒதுக்கும். ஒரே ஒரு வெட்டுதான், தானாக ஆண்டுதோறும் நகராது. நகர்த்த வேண்டுமென்றால் தேதிகளை நாமே மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. 12 வரிசையும் நிரம்பி, எண்கள் ஒரே வட்டாரத்தில் நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்துவிடும்.