நான்கே வரி, அறுபது லட்சம் துடிப்பு

ஆர்ம் அசெம்பிளி படிக்கப் புகுந்தவர்கள் சீக்கிரமே எதிர்கொள்ளும் நிரல் ஒன்று உண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் கழித்தே கண்டுபிடிக்கும் நிரல் அது. அதில் இருப்பவை நான்கே கட்டளைகள்.

```
gcd   CMP   r0, r1
      SUBGT r0, r0, r1
      SUBLT r1, r1, r0
      BNE   gcd
```

முதல் வரி ஒப்பிட்டுக் கொடிகளை அமைக்கிறது. r0 பெரியதானால் இரண்டாம் வரியும், சிறியதானால் மூன்றாம் வரியும் வேலை செய்யும். இடையில் உள்ள கழித்தல்கள் கொடிகளைத் தொடுவதில்லை. அதனால் கடைசி வரியும் அதே ஒப்பீட்டின் முடிவைப் பார்த்துத் திரும்புகிறது. ஓர் ஒப்பீட்டை மூன்று கட்டளைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. தாவல்களை மட்டும் நம்பி எழுதினால் இதே வேலைக்கு ஏழு கட்டளைகள் ஆகும்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? ஆர்ம்7டிடிஎம்ஐ செயலியில் தாவல் நடந்தால் மூன்று துடிப்பு செலவாகும். நிபந்தனை பொய்த்த கட்டளை ஒரு துடிப்போடு கடந்து போய்விடும். 1, 2 என்ற எண்களைக் கொடுத்தால் ஏழு வரி வடிவத்துக்கு 13 துடிப்பு, நான்கு வரி வடிவத்துக்கு 10. நினைவகத்திலும் 28 பைட்டு 16 ஆகிறது. தாவலைக் கணிக்கும் வன்பொருள் இல்லாத அந்தக் காலச் செயலிக்கு இது நல்ல லாபம்தான்.

ஆனால் பாராட்டு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. நிரல் எத்தனை வரி என்று எண்ணுகிறவர்கள், அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணுவதில்லை. 10,00,001, 1 என்ற இணையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழித்து இறங்க வேண்டியிருப்பதால் பத்து லட்சம் சுற்று ஆகும். சுற்றுக்கு ஆறு துடிப்பு, கடைசி ஒப்பீட்டுக்கு நான்கு. ஆக 60,00,004 துடிப்பு. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பலரும் தொட்டிருக்கக்கூடிய எல்பிசி2148 சில்லு 60 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், நினைவகத் தாமதத்தை விட்டுவிட்டாலும், விடை ‘1’ என்று சொல்ல பத்தில் ஒரு நொடி பிடிக்கும். நிபந்தனைக் கட்டளைகள் சுற்றைச் சுருக்கினவே தவிர, சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

அதைக் குறைக்கும் வழியை 1967இல் ஜோசப் ஸ்டெய்ன் வெளியிட்டார். இரண்டு ஒற்றை எண்களைக் கழித்தால் இரட்டை எண் கிடைக்கும். பொது வகுத்தியில் 2 என்ற காரணி இல்லாததால், அந்த வித்தியாசத்தை ஒற்றையாகும்வரை பாதியாக்கிக்கொண்டே போகலாம். இங்கேதான் ஆர்மின் இன்னொரு வசதி உண்மையாகவே பயன்படுகிறது. கணக்கிடும் அலகுக்குப் போகும் இரண்டாவது எண்ணை வழியிலேயே நகர்த்திக் கொடுக்கும் பேரல் ஷிஃப்டர் அந்தச் செயலியில் இருக்கிறது. நகர்த்தும் அளவு கட்டளையிலேயே மாறாத எண்ணாக எழுதப்பட்டிருந்தால் அதற்குத் தனித் துடிப்பு கிடையாது. S சேர்த்து எழுதிய நகர்த்தலில், வெளியே விழும் பிட்டு கேரி கொடியில் வந்து உட்காரும்.

```
gcd   SUBS  r2, r0, r1
      MOVHI r0, r1
      RSBLO r2, r2, #0
      BXEQ  lr
strip MOVS  r2, r2, LSR #1
      BCC   strip
      ADC   r1, r2, r2
      B     gcd
```

முதல் மூன்று வரிகளில் சிறிய எண் r0இலும், வித்தியாசத்தின் நேர்மதிப்பு r2இலும் வந்துவிடுகின்றன. இரண்டும் சமமென்றால் நான்காம் வரியில் வெளியேறலாம். பிறகு வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போக, 1 என்ற பிட்டு விழுந்ததும் கேரி எழும்புகிறது, சுற்று நிற்கிறது. ஆனால் ஒரு தடவை அதிகமாக நகர்த்திவிட்டோமே? எனக்கு இந்த நிரலில் மிகவும் பிடித்தது அதைச் சரிசெய்யும் வரிதான். `ADC` r2ஐ அதோடேயே கூட்டி, கேரியில் காத்திருக்கும் 1ஐயும் சேர்க்கிறது. தவறி விழுந்த பிட்டு தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒற்றையா இரட்டையா என்று சோதிக்கத் தனிக் கட்டளை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

அதே இணையை இதில் ஓட்டினால் r1 15625, 1953, 61, 15, 7, 3, 1 என்று இறங்குகிறது. ஏழு சுற்று, இடையே பத்தொன்பது பாதியாக்கல். எல்லாம் சேர்ந்து 152 துடிப்பு. வரிகள் இரட்டிப்பானாலும் வேலை பல்லாயிரம் மடங்கு குறைந்தது.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. நுழையும்போது எண்கள் இரண்டும் ஒற்றையாக இருக்க வேண்டும். 4, 6 கொடுத்தால் நிரல் தயங்காமல் 1 என்கிறது. சரியான விடை 2. வித்தியாசத்தை உரிக்கும்போது பொதுவான 2உம் சேர்ந்து உரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான இரண்டுகளை முன்பே எண்ணி எடுத்துவைத்து, மீதமுள்ள எண்களை ஒற்றையாக்கி அனுப்பி, கடைசியில் விடையை அத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். எட்டு வரி என்ற பெருமை அங்கே கொஞ்சம் குறையும்.

நான்கு வரி வடிவத்தில் வேறொரு குறை ஒளிந்திருக்கிறது. `GT`, `LT` இரண்டும் குறியுள்ள எண்களுக்கானவை. r0இல் 0x80000001, r1இல் 1 வைத்தால், முதலாவது எதிரெண்ணாகப் படிக்கப்பட்டு r1 0x80000000 ஆகிறது. அதன் பிறகு r0 1, 0x80000001 என்று மாறி மாறி நிற்காமல் ஓடுகிறது. `SUBHI`, `SUBLO` என்று எழுதினால் போதும், இந்தக் கோளாறு வராது. பிழை இரண்டே பின்னொட்டுகளில் இருப்பதாலும், சிறிய எண்களில் சோதித்தால் விடை சரியாகவே வருவதாலும், இது நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

எந்த மண்ணில் இந்த நிபந்தனைக் கட்டளை உத்தி விளையும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு 32 பிட்டு கட்டளையிலும் நான்கு பிட்டுகளை நிபந்தனைக்கென்றே ஒதுக்கியதன் பலன் இது. தம்ப்-2இல் `ITE GT` போன்ற முன்கட்டளை போட்டுத்தான் இப்படி எழுத முடியும். அந்தத் தொகுதியில் ஒரு நிபந்தனையும் அதன் நேர் எதிரும் மட்டுமே வரலாம் என்பதால் `SUBLT` `SUBLE` ஆகிறது. முடிவில் r0 சரியாக இருந்தாலும் r1 பூஜ்யமாகிவிடும். விடையை r1இல் தேடுகிறவர் ஏமாறுவார். கோர்டெக்ஸ்-எம்0இல் அந்த முன்கட்டளையே இல்லை. 64 பிட்டு ஆர்மில் எந்தக் கட்டளைக்கும் நிபந்தனை ஒட்டும் வழக்கத்தையே கைவிட்டார்கள்; `CSEL`, `CNEG` போன்ற சில மட்டுமே நிபந்தனையை ஏற்கின்றன. தாவலை நன்றாகக் கணிக்கும் பெரிய செயலிகளில் தாவலின் விலையும் குறைந்துவிட்டது. ஆனாலும் வித்தியாசத்தின் குறியை முன்கூட்டிக் கணிப்பது எந்த வன்பொருளுக்கும் சிரமம் என்பதால், அந்த இடத்தில் தாவலைத் தவிர்ப்பது இன்றும் நியாயமே.

என் தீர்ப்பு இதுதான்: நான்கு வரி நிரல் நிபந்தனைக் கட்டளை எப்படி இயங்குகிறது என்று காட்ட நல்ல பாடம், கணக்குப் போடக் கெட்ட கருவி. எட்டு வரி நிரலை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எண்களில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் இரண்டு நிரல்களுமே நிற்காமல் சுற்றும். பிழைதிருத்தியில் நிறுத்திப் பார்த்தால் நிரல் அதே சில முகவரிகளில் திரிய, r0 மாறாமல் நிற்கும். பூஜ்யத்தைச் சோதிக்கும் வரிகளைச் சுற்றுக்கு வெளியே, நுழைவாயிலிலேயே எழுதிவிட்டுப் பிறகு நகலெடுங்கள்.