பொய் சொல்லும் குறி, திருத்தும் கொடி

எக்ஸ்86 அசெம்பிளியில் எனக்கு அலுக்காத கட்டளை `cmp`. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும், விடையை வைத்துக்கொள்ளாது. கழித்ததற்கு அடையாளமாகச் சில கொடிகள் மட்டும் மிஞ்சும். அதன் நயத்தைக் காண இரண்டு வரி போதும்.

```
mov al, 80h
cmp al, 1
```

80h என்பது 10000000 என்ற எட்டு பிட். குறியில்லா எண்ணாக வாசித்தால் 128, குறியுள்ள எண்ணாக வாசித்தால் -128. நாம் எப்படி வாசிக்கிறோம் என்று `cmp`-க்குத் தெரியாது, அது கேட்பதுமில்லை. பேசாமல் ஒன்றைக் கழித்து 7Fh-க்கு வந்து சேர்கிறது. விடை பூஜ்யம் இல்லை, எனவே ZF 0. கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை, CF-உம் 0. விடையின் மேல் பிட் 0, ஆகவே SF 0. ஆனால் -128-இல் ஒன்று குறைந்தால் -129 வர வேண்டும். எட்டு பிட்டில் அதற்கு இடமில்லாததால் 127 என்று புரண்டுவிட்டது. அதனால் OF 1.

ஒரே கழித்தலில் இரண்டு தீர்ப்புகளும் தயார். எதைக் கேட்பது என்பது அடுத்த வரியில் நாம் எழுதும் தாவலைப் பொறுத்தது. 128 பெரிதா என்று கேட்பது `ja`. CF, ZF இரண்டும் 0 என்பதால் தாவும். சிறிதா என்று கேட்கும் `jb`-க்கு CF ஒன்றே போதும்.

குறியுள்ள எண்களிடம்தான் ருசி. SF 0 என்றால் 'விடை நெகட்டிவ் இல்லை, -128 சிறிதல்ல' என்றாகிறது. அப்பட்டமான பொய்! பக்கத்தில் நிற்கும் OF, 'குறி புரண்டிருக்கிறது, மாற்றி வாசி' என்கிறது. OF 0 என்றால் SF சொல்வதை அப்படியே நம்பலாம். 1 என்றால் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் `jl` ஒரே கேள்வியில் அடக்கிவிடுகிறது: SF-உம் OF-உம் வேறுவேறா? ஆம் என்றால் சிறியது. இரண்டும் ஒத்துப்போய் ZF 0 ஆகவும் இருந்தால் `jg` தாவும்.

`jl` இருக்க வேண்டிய இடத்தில் `js` எழுதினால் பிழை எளிதில் தெரியாது. 5-ஐ 7-உடன் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே பதிலைத்தான் தரும். 7Fh-ஐ FFh-உடன் ஒப்பிட்டால்தான் குட்டு உடையும். 127-உம் -1-உம் அவை. விடை 80h, SF 1, OF 1. `js` 127-ஐச் சிறியது என்று தாவிவிடும், `jl` தாவாது.

ஏஆர்எம் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே கழித்தலில் கடன் வாங்கினால் கேரி 0, வாங்காவிட்டால் 1.