உவமையை மாற்றினால் நிலா புதிதாகுமா?

மழை, நிலா, முதல் காதல் இவற்றில் இனி எழுத என்ன மிச்சம் என்று கேட்டால், கவியரங்க மேடைகளில் பதில் தயாராக இருக்கிறது: உவமையை மாற்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சிப்காட் இருப்பதால் அந்த உவமைகளும் ஆலைக்குள்ளிருந்தே வருகின்றன. நிலா வெல்டிங் பொறியாகிறது. மழை கன்வேயர் பெல்ட்டாக ஓடுகிறது. முதல் காதல் தரச்சோதனையில் தேறாத உதிரிபாகமாகிறது. ‘பழைய பொருளுக்குப் புதுப் பார்வை’ என்று நடுவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு தவறு.

தாமரை முகமும் மான் விழியும் அலுத்துப்போனது உண்மை. ஷிப்டு முடிந்து வந்து எழுதுகிறவர் தன் கையில் புழங்கும் கருவியின் பெயரைக் கவிதைக்குள் கொண்டுவருவதும் நல்லதே. 1971இல் கோவையில் தொடங்கிய வானம்பாடி இதழ், படிமங்களின் பலத்தில்தான் புதுக்கவிதையைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுசேர்த்தது.

ஆனால் உவமையை மாற்ற நிலாவைப் பார்க்கவே வேண்டியதில்லை. வெல்டிங் பொறி என்று எழுத, நிலாவைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த ஒன்றே போதும்: அது பிரகாசமானது. அந்த இடத்தில் சூரியனை வையுங்கள், மின்னலை வையுங்கள். வரி அசையாமல் நிற்கும். பொருளை மாற்றியும் கவிதை மாறவில்லை என்றால், அதில் அந்தப் பொருள் இருக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி, நிலாவுக்கு ஓர் உவமைகூட இல்லை. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் கையில் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. நிலா மாதந்தோறும் அப்படியே திரும்பி வருகிறது, பறிபோனது வருவதில்லை. இந்தப் பாட்டில் நிலாவை எடுத்துவிட்டு வேறெதையும் வைக்க முடியாது.

குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார் உவமையால்தானே நிற்கிறார் என்று கேட்கலாம். ஆம். ஆனால் அந்த உவமை, செம்மண்ணில் விழுந்த நீருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர் சொன்னது. அவர் மழையை அலங்கரிக்கவில்லை. மழை செய்வதைச் சொன்னார்.

அப்படியானால் ஓசூரில் மழை என்ன செய்கிறது? கர்நாடகத்தில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. கர்நாடகத்தில் பலத்த மழை பெய்தால் இங்கே நீர்வரத்து கூடும்; மதகைத் திறப்பார்கள். சோப்பும் சலவைத்தூளும் கரைந்த நீர் மதகில் விழுந்து கலங்கும்போது நுரை பொங்குகிறது. ஆற்றை மூடி, தரைப்பாலத்தில் ஏறி, காற்றடித்தால் பக்கத்து வயலில் போய் ஒட்டுகிறது. உவமைக் கவிஞர் இதையும் விடமாட்டார். ‘ஓசூரில் பனிமலை’ என்று எழுதிவிடுவார், யாருடைய அழுக்கு என்ற கேள்வி அந்தப் பனிக்குள் புதைந்துபோகும். கரையோர விவசாயிக்கோ நீர் வருகிறதே என்ற மகிழ்ச்சியும், என்ன நீர் வருகிறதோ என்ற பயமும் ஒரே நேரத்தில் வருகின்றன. தன் தலைமேல் ஒரு துளி விழாமலே மழை அவர் வயலுக்குள் வந்துவிடுகிறது. இந்த மழையை நம் கவிதை இன்னும் எழுதியாகவில்லை.

முதல் காதலுக்கும் இதே மண்ணில் ஓர் இடம் இருக்கிறது. பிப்ரவரி 14க்காக இங்கே பசுமைக்குடில்களில் சிவப்பு ரோஜா வளர்க்கிறார்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஏறத்தாழ 45 முதல் 60 நாள் முன்பே செடியைக் கவாத்து செய்தாக வேண்டும். பனியும் குளிரும் அதிகமானால் மொட்டு தாமதிக்கும். 14ஆம் தேதி கழிந்தால் விலை விழும். யாரோ இருவர் சொல்லப்போகும் காதலுக்காக, அவர்களை அறியாத ஒருவர் டிசம்பரிலேயே கத்தரி எடுக்கிறார். காதலுக்கு ஒரு கெடுத் தேதி இருப்பது அவருக்குத்தான் தெரியும். ரோஜாவை உதட்டோடு ஒப்பிட்டுச் சலித்தவர்கள், இப்போது அதையே சிவப்பு சிக்னலோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டுமே தோட்டத்துக்குள் போகாமல் எழுதியவை.

ஆகவே புதுப் பார்வை உவமையில் இல்லை. யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், அவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பதில் இருக்கிறது. பரிசு கொடுக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யட்டும்: கவிதையிலிருந்து உவமையை நீக்கிவிட்டுப் படிக்கட்டும். மீதியில் ஒரு மழையும் அதில் நனைந்த ஒருவரும் இருந்தால் பரிசு கொடுக்கலாம். இல்லையென்றால், அது எந்த ஊரிலிருந்து வந்தாலும், எந்த ஆலையின் சொற்களை அணிந்து வந்தாலும், பழைய கவிதைதான்.