1681 என்னும் அழகான எண்

முதலாண்டுக் கணித மாணவர்களுக்கு,

நாளை வகுப்புக்கு வருமுன் ஒரு தாளை எடுத்து n² + n + 41 என்று எழுதுங்கள். n-க்கு 0, 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். 41, 43, 47, 53, 61, 71, 83, 97, 113, 131 என்று வரும். அத்தனையும் பகா எண்கள். அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசம் 2, 4, 6, 8 என்று ஏறுவதைக் கவனித்தால் பெருக்கக்கூட வேண்டாம், கூட்டிக்கொண்டே போகலாம். இதை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். இன்றும் சுண்ணக்கட்டியை எடுத்தாலே உற்சாகம் பிறந்துவிடுகிறது. 20 போட்டால் 461, பகா எண். 30 போட்டால் 971, அதுவும் பகா எண். 39 போட்டால் 1601, அதுவும்தான்! ஆய்லர் 1772-இல் இதன் இரட்டைப்பிறவியான x² − x + 41 என்ற கோவையைக் கவனித்து எழுதினார். அன்று முதல் இதைப் பார்த்து வியக்காத கணிதக்காரர் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் வகுப்பில் யாராவது, “போதும் சார், எல்லா n-க்கும் பகா எண்தான் வரும்” என்பார்கள். தொடர்ந்து நாற்பது விடைகள் சரியாக வந்தபின் வேறென்ன தோன்றும்?

இப்போது 40 போடுங்கள். 40² + 40 என்பது 40 × 41. அதோடு இன்னொரு 41 சேர்கிறது. ஆக மொத்தம் 41 × 41, அதாவது 1681. பகு எண். இதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல்கூடத் தேவைப்படவில்லை. முதல் வரியை எழுதியபோதே 41 கண்ணெதிரே நின்றது. நாற்பது விடைகளைச் சரிபார்த்தபோது அதை ஒருவரும் பார்க்கவில்லை. ஏன்? n = 17 என்று போட்டுப் பார்த்தால் 347 பகா எண் என்று தெரியும், அவ்வளவுதான். 18-ஐப் பற்றி அந்த 347 எதுவும் சொல்லாது. எடுத்துக்காட்டு தன் ஒரு n-ஐப் பற்றி மட்டுமே பேசும். “எல்லா n-க்கும்” என்று சொல்ல வேண்டுமானால் ஒரு n-இலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் காரணம் வேண்டும். நாம் எழுதிய நாற்பது வரிகளில் அப்படி ஒரு காரணம்கூட இல்லை. பொய் என்று காட்டுவதற்கோ ஒரே ஒரு 1681 போதும்.

அந்தக் காரணம் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இந்தக் கோவையை இவ்வளவு நேசிக்கிறேன். இதன் எந்த விடையாவது 3-ஆல் வகுபடுமா என்று கேளுங்கள். n-க்குப் பதில் n + 3 போட்டால் விடை 3(2n + 4) மட்டுமே கூடுகிறது. ஆகவே 3-ஆல் வகுத்தால் வரும் மீதி மாறுவதில்லை. 0, 1, 2 என்ற மூன்றை மட்டும் பார்த்தால் எல்லா n-ஐயும் பார்த்தாயிற்று. விடைகள் 41, 43, 47. எதுவும் 3-ஆல் வகுபடவில்லை. எனவே n எவ்வளவு பெரிதானாலும் விடை 3-ஆல் வகுபடாது. இங்கே மூன்று சரிபார்ப்புகள் கோடானுகோடி எண்களுக்குச் சாட்சியாகிவிட்டன! மீதி திரும்பத் திரும்ப வரும் என்ற காரணம் பின்னால் நிற்பதால்தான் அவற்றுக்கு அந்த வலிமை.

இதையே 37-க்கும் செய்யலாம். 0 முதல் 36 வரை பார்த்தால் போதும். அந்த விடைகள் எல்லாம் 41-ம் அதைவிடப் பெரிய பகா எண்களும்தான் என்று ஏற்கெனவே கண்டோம். ஆகவே எதையும் 37 வகுக்காது. 2 முதல் 37 வரை எந்தப் பகா எண்ணுக்கும் இதே வாதம் பொருந்தும். அப்படியானால் இந்தக் கோவையின் விடை எதற்கும், எங்கேயும், 41-ஐவிடச் சிறிய பகாக் காரணி கிடையாது. ஒரு விடை பகு எண்ணாக வேண்டுமானால் அது குறைந்தது 41 × 41 ஆகவாவது இருக்க வேண்டும். அது 1681! கோவை உடையக்கூடிய மிகச் சிறிய எண் எதுவோ, சரியாக அதிலேயே போய் உடைகிறது. இதை முதன்முதலில் உணர்ந்த நாள் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, 40-க்குப் பிறகு? விடை பகு எண்ணாகும் இடங்களைக் குறித்து வாருங்கள்: 40, 41, 44, 49, 56, 65, 76. ஒவ்வொன்றிலும் 40-ஐக் கழித்தால் 0, 1, 4, 9, 16, 25, 36. அத்தனையும் முழு வர்க்கங்கள்! இதைக் கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் மிகையில்லை. இதற்கு உண்மையான காரணமும் உண்டு. கோவையை f(n) என்று எழுதுவோம். n-ஓடு f(n)-ஐயே கூட்டி, அதை மறுபடி கோவைக்குள் போட்டால் விடை f(n) × f(n + 1) ஆகப் பிரிந்துவிடும். விரித்துப் பாருங்கள், நான்கு வரிகளில் முடியும். n = 1 எனில் 1 + 43 = 44. அங்கே விடை 2021, அதாவது 43 × 47. n = 2 எனில் 2 + 47 = 49. அங்கே 2491, அதாவது 47 × 53. n + f(n) என்பது (n + 1)² + 40 என்பதால்தான் 40-ஐத் தாண்டி வர்க்கங்களாக நிற்கின்றன. ஆகவே 40-ஓடு எந்த வர்க்கத்தைக் கூட்டினாலும் அங்கே பகு எண் உறுதி. இது நிரூபணம்.

ஆனால் “அந்த இடங்களில் மட்டும்தான்” என்று நாம் நிரூபித்தோமா? இல்லை. ஏழு இடங்களும் பொருந்தின, அவ்வளவே. 76-க்குப் பிறகு வர்க்கக் கணக்கு 89-ஐக் காட்டுகிறது. அதற்கு முன்பே 81 குறுக்கே வருகிறது: விடை 6683, அதாவது 41 × 163. 81-இல் 40 போனால் 41, வர்க்கம் இல்லை. நாற்பதில் ஏமாந்து விழித்துக்கொண்டவர்களும் அடுத்த ஏழில் ஏமாறுகிறார்கள். இரண்டாவது வலையை வகுப்பில் நான் முன்கூட்டிச் சொல்வதேயில்லை. இங்கே சொல்லிவிட்டேன், உங்கள் மூத்த மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இனி உங்களுக்கான வேலை. 1987-இல் கியூபாவின் ஹவானாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஆறாவது கணக்காக வந்தது இது. k² + k + A என்ற கோவையில், 0-இலிருந்து √(A/3) வரையுள்ள முழு எண்களை k-க்குப் போட்டால் எல்லா விடையும் பகா எண்ணாக இருக்குமானால், k = A − 2 வரை எல்லா விடையும் பகா எண்தான் என்று நிரூபிக்க வேண்டும். A = 41 எனில் √(41/3) நான்கைவிடக் குறைவு. 41, 43, 47, 53 என்ற நான்கை மட்டும் பார்த்தால் நாற்பதும் உறுதியாகிவிடும்! முதலில் A = 17 போட்டுப் பாருங்கள்: 17, 19, 23 என்ற மூன்றைச் சரிபார்த்தால் பதினாறு விடைகள் கிடைக்கும். பிறகு நிரூபணத்துக்கு வாருங்கள். ஒரு குறிப்பு: முதன்முதலில் பகு எண் தரும் k-ஐ எடுத்துக்கொண்டு, அந்த விடையின் மிகச் சிறிய பகாக் காரணியோடு k-ஐ ஒப்பிடுங்கள். வியாழக்கிழமை யாராவது கரும்பலகைக்கு வந்து எழுதுங்கள்.