விடுபட்ட சம்பளமும் நிரப்பப்பட்ட சம்பளமும்

வயது, படிப்பு, வேலை என்று எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள்கூடச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். சர்வே எடுக்கப் போனவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அமெரிக்காவில் வேலையின்மையைக் கணக்கிட மாதந்தோறும் ஏறக்குறைய 60,000 வீடுகளில் நடக்கும் ‘கரன்ட் பாப்புலேஷன் சர்வே’யும் இதற்கு விலக்கல்ல. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் சம்பளத் தரவில் பத்துக்கு மூன்று என்ற அளவில், தொழிலாளி தன் சம்பளத்தைச் சொல்லவே இல்லை. அந்த இடங்களைச் சென்சஸ் பீரோ நிரப்பியது. ‘இம்ப்யூட்டேஷன்’ எனப்படும் இந்த இட்டுநிரப்பல், இல்லாத பதிலை இட்டுக்கட்டுவது போலத் தோன்றலாம். குறையுள்ள படிவத்தை நீக்கிவிடுவதே நேர்மை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலில் சோதிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். 1,000 படிவங்கள், 20 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 3 சதவீதம் பேர் மட்டுமே பதில் சொல்லவில்லை, அதுவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். கேட்பதற்குச் சின்னக் குறை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் உள்ள படிவம் மட்டுமே வேண்டுமென்றால் மிஞ்சுவது சுமார் 544. ஒரே ஒரு பதில் இல்லை என்பதற்காக, மற்ற 19 பதில்களைக் கொடுத்தவரையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறோம்.

எண்ணிக்கை குறைவதைவிட மோசமானது, மிஞ்சுபவர்கள் யார் என்பது. 1,000 பேரில் 500 பேர் மாதம் சராசரியாக 60,000 ரூபாய் வாங்கும் நிரந்தர ஊழியர்கள், 500 பேர் 20,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சராசரி 40,000. ஊழியர்களில் 200 பேரும் தொழிலாளர்களில் 50 பேரும் சம்பளம் சொல்லவில்லை. அந்தப் படிவங்களை நீக்கினால் 300 ஊழியர்களும் 450 தொழிலாளர்களும் இருப்பார்கள். சராசரி 36,000-க்கு இறங்கிவிடும். யாரும் எதையும் இட்டுக்கட்டவில்லை, ஆனாலும் விடை தவறு. நீக்கியவரும் ஓர் அனுமானம் செய்திருக்கிறார்: சொல்லாதவர்கள் சொன்னவர்களைப் போன்றவர்களே என்று. அதை அவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பல நேரம் அது அவருடைய முடிவாகக்கூட இருப்பதில்லை; R-இல் `lm` கட்டளை கொடுத்தால், குறையுள்ள வரிசைகளை அதுவே தள்ளிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது.

நிரப்புகிறவர் இதைவிடக் கொஞ்சம் கவனமான அனுமானம் செய்கிறார். சொல்லாத ஊழியர், சொன்ன ஊழியரைப் போன்றவர்; சொல்லாத தொழிலாளி, சொன்ன தொழிலாளியைப் போன்றவர். அப்படி வகைக்குள்ளேயே நிரப்பினால் சராசரி 40,000-க்குத் திரும்பிவிடுகிறது. சென்சஸ் பீரோவின் ‘ஹாட் டெக்’ முறையும் இந்த வழியில்தான் நடக்கிறது. பால், வயது, இனம், படிப்பு, தொழில், வேலை நேரம் போன்றவற்றில் ஒத்துப்போகிற, சம்பளம் சொன்ன ஒருவரைத் தேடி, அவருடைய தொகையைச் சொல்லாதவரின் கட்டத்தில் எழுதுகிறது. எழுதுவது ஓர் உண்மை மனிதரின் சம்பளம் என்பதால், எல்லோருக்கும் ஒரே சராசரியைப் போட்டு நிரப்பும்போது வரும் செயற்கையான குவியல் இங்கே வருவதில்லை.

இவ்வளவு நல்ல முறை எங்கே சறுக்குகிறது என்பதை பாரி ஹிர்ஷ், எட்வர்ட் ஷூமேக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒத்துப்பார்க்கும் பட்டியலில் ‘தொழிற்சங்க உறுப்பினரா’ என்ற கேள்வி இல்லை. சங்கத்தில் இருக்கும் ஒருவர் சம்பளம் சொல்லாவிட்டால், அவருக்கு எழுதப்படுவது பெரும்பாலும் சங்கத்தில் இல்லாத ஒருவரின் சம்பளம். சங்கத்தினருக்கு மணிக்கு 25 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர் என்று கொள்வோம். நிரப்பப்பட்ட 30 சதவீதத்தில் இரு சாராருக்கும் ஒரே கூட்டத்திலிருந்து சம்பளம் எடுக்கப்படுவதால், அங்கே இடைவெளி கிட்டத்தட்டப் பூஜ்யம். மொத்தத் தரவையும் சேர்த்துப் பார்த்தால் 5 டாலர் இடைவெளி 3.50 ஆகச் சுருங்கிவிடும். சங்கத்தால் பெரிய பலனில்லை என்று ஒருவர் இதை வைத்துக் கட்டுரை எழுதலாம். எழுதியவர் சங்க விரோதியாக இருக்க வேண்டியதில்லை. நிரப்பியவர் எதை ஒத்துப்பார்த்தார் என்று கவனிக்காதவராக இருந்தால் போதும். தரவுக்கோப்பிலேயே நிரப்பப்பட்ட சம்பளத்துக்கு அடையாளக் குறி இருப்பதால்தான் ஹிர்ஷும் ஷூமேக்கரும் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சம்பளம் சொன்னவர்களை மட்டும் தனியே எடுத்து இடைவெளியைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், சுருக்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த ஓர் ஆய்வுக்கு, நிரப்பிய வரிசைகளை நீக்குவதே மேலான வழி. பதில் சொல்லாமல் போவது, ரிக்ரெஷனில் நாம் ஏற்கெனவே சேர்த்திருக்கும் வயது, படிப்பு, சங்கம் போன்றவற்றை மட்டுமே பொறுத்ததாக இருந்தால், நீக்கினாலும் அந்த இடைவெளிக் கணக்கு சாயாது. ஆகவே ‘நீக்குவது எப்போதும் தவறு’ என்று சொல்கிற பாடநூல் வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. சராசரி வருமானம் கேட்டவருக்குச் சரியான மருந்து, சங்க இடைவெளி கேட்டவருக்கு நோயாக மாறியது இதே தரவில்தான். நிரப்பலை நியாயப்படுத்துகிறவர் எந்தக் கேள்விக்காக என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், அந்த நியாயம் பாதிதான். ஆய்வாளர் எந்த மாறிகளுக்கு இடையே உறவு தேடப்போகிறாரோ, அவை அத்தனையும் நிரப்பும் மாதிரியில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு குறை, நிரப்பிய எண்ணைச் சொன்ன எண்ணைப் போலவே நம்புவது. கணினிக்கு 750 பதில்களும் 250 ஊகங்களும் சேர்ந்து 1,000 பதில்கள்தான். அதனால் பிழைவரம்பைக் குறைத்துச் சொல்லிவிடும். டொனால்ட் ரூபின் 1987-இல் வெளியான நூலில் விரித்துரைத்த பன்முறை நிரப்பல் இதற்குத்தான். ஒவ்வொரு வெற்றிடத்தையும் ஒருமுறை அல்ல, ஐந்து முறை வெவ்வேறாக நிரப்பி ஐந்து கோப்புகள் செய்ய வேண்டும். அவற்றில் சராசரி ஆயிரங்களில் 39, 40, 41, 40, 40 என்று வந்தால், விடை 40. ஒவ்வொரு கோப்பும் தன் திட்டப்பிழை 1 என்று சொல்கிறது. ஆனால் கோப்புக்குக் கோப்பு விடை ஆடுகிறதே, அந்த ஆட்டத்தையும் கூட்ட வேண்டும்:

```
T = W + (1 + 1/m) × B
  = 1 + 1.2 × 0.5 = 1.6
```

W என்பது கோப்புகளுக்குள்ளே இருக்கும் சிதறல், B என்பது கோப்புகளுக்கிடையே உள்ள சிதறல், m கோப்புகளின் எண்ணிக்கை. T-இன் வர்க்கமூலம் 1.26, இதுவே உண்மையான திட்டப்பிழை. நிரப்பிய பிறகும் எவ்வளவு தெரியாமல் இருக்கிறது என்பதை இந்த முறை மறைக்காமல் வெளியே வைக்கிறது. இதற்காகவே நான் ஒருமுறை நிரப்பலைவிட இதை மதிக்கிறேன்.

இதுவும் தீர்க்காத ஒன்று இருக்கிறது. ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே தொழில் உள்ளவர்களுக்குள்ளும் சம்பளத்தின் அளவே ஒருவரைச் சொல்லவிடாமல் தடுத்தால்? அமெரிக்க ஆய்வாளர்கள் சர்வே பதில்களைச் சமூகப் பாதுகாப்புத் துறையின் வருமானப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்களும் மிக அதிகமாகச் சம்பாதிப்பவர்களுமே அதிகம் பதில் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கண்டது. நிரப்பும் முறை அவர்களை நடுத்தரச் சம்பளக்காரர்களாக மாற்றிவிடும்; ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியும்.

நம்மில் பெரும்பாலோரிடம் இணைத்துப் பார்க்க அப்படிப்பட்ட பதிவுகள் இருக்காது. கையில் இருக்கும் தரவை மட்டும் வைத்து இந்தச் சாய்வு உண்டா இல்லையா என்று நிரூபிக்கவும் முடியாது. செய்யக்கூடியது, நிரப்பிய தொகைகளை வேண்டுமென்றே 10 சதவீதம், பிறகு 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் கணக்கைத் திரும்ப ஓட்டுவது. முடிவு 20 சதவீதத்திலும் நின்றால் அப்படியே எழுதலாம். 10 சதவீதத்திலேயே தலைகீழானால், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, எத்தனை பதில்கள் நிரப்பப்பட்டவை என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அதையும் சொல்லிவிட வேண்டும்.